கடன் கிடைத்துவிட்டது, உறுதி எழுதக் காசு எங்கே? கொழும்பில் வீடு வாங்குவோர் கேட்பவை

புதுக்கடையில் நொத்தாரிசு ஒருவரின் அலுவலகத்தில் பல வருடம் உறுதி எழுதும் மேசையில் இருந்தவன் நான். வங்கிக் கடன் அனுமதிக் கடிதத்தோடு சிரித்துக்கொண்டு வந்து, கட்டணத் துண்டைப் பார்த்ததும் முகம் மாறிப் போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் கேட்ட கேள்விகளைத்தான் இங்கே எழுதுகிறேன். கணக்குகள் மேல் மாகாணத்துக்கு உரியவை.

"வங்கி 75 வீதம் தருகிறது. மிச்சம் 25 வீதம் என்னிடம் இருக்கிறது. போதும்தானே?"

போதாது. அந்த 25 வீதம் விற்பவரின் கைக்குப் போகும் காசு. உறுதி உங்கள் பெயருக்கு வருவதற்கு மாகாண அரசுக்கும், நொத்தாரிசுக்கும், வங்கியின் சட்டத்தரணிக்கும், காப்புறுதிக் கம்பனிக்கும் கொடுப்பது அதற்கு வெளியே நிற்கிறது. விலையின் 7 அல்லது 8 வீதத்தைத் தனியாக எடுத்துவைக்கச் சொல்லுவேன். அதில் பாதிக்கு மேல் ஒரே ஒரு செலவு: முத்திரைத் தீர்வை.

இன்னொரு பள்ளமும் இருக்கிறது. 75 வீதம் என்றால் எதன் 75 வீதம்? நீங்கள் பேசிய விலையினதா, வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் போடும் பெறுமதியினதா? இரண்டில் எது குறைவோ அதைத்தான் வங்கி எடுக்கும். சில வங்கிகள் சந்தைப் பெறுமதியைக்கூடப் பார்க்காமல் 'கட்டாய விற்பனைப் பெறுமதி' என்று அதிலும் குறைந்த ஒரு தொகையில் கணக்குப் போடும். மதிப்பீட்டு அறிக்கையில் இரண்டு தொகையும் அடுத்தடுத்த வரியில் இருக்கும். எந்த வரியைப் பார்த்துக் கடன் தருகிறார்கள் என்று முதல் நாளே கேளுங்கள்.

"முத்திரைத் தீர்வை எவ்வளவு வரும்? ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள்."

விற்பனை உறுதிக்கு முதல் 1 இலட்சம் ரூபாய்க்கு 3 வீதம், மீதிக்கு 4 வீதம். சுருக்கமான வழி இது:

```
தீர்வை = பெறுமதி × 4% − 1,000
```

முதல் இலட்சத்துக்கு 1 வீதம் குறைகிறதல்லவா, அந்த ஆயிரம்தான் கழிகிறது. 300 இலட்சம் ரூபாய் வீட்டுக்கு 11,99,000 ரூபாய்.

ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்வதற்குக் காரணம் உண்டு. தகப்பனோ தாயோ நன்கொடை உறுதி எழுதிக் கொடுத்தால் வீதம் வேறு, குறைவு. உங்கள் மச்சானுக்கு மாமா வீட்டை எழுதிக் கொடுத்தபோது கட்டிய தீர்வையை வைத்து உங்கள் விலையுறுதிக்குக் கணக்குப் போடாதீர்கள். அதே போல, காசு கொடுத்து வாங்கிவிட்டு நன்கொடை என்று எழுதலாமா என்று கேட்பவர்களும் உண்டு. காசு கைமாறிய இடத்தில் நன்கொடை என்று எழுதுவது பொய். விலை என்று ஒன்று இல்லாத உறுதிக்கு வங்கியும் வீடு வாங்கும் கடன் தராது.

"இவ்வளவு பெரிய தொகையை வங்கி ஏன் கடனில் சேர்த்துத் தராது?"

வங்கி கடன் கொடுப்பது உங்கள் முகத்துக்கு அல்ல, ஈடு வைக்கும் சொத்துக்கு. நீங்கள் தவணை கட்டாமல் விட்டால் அந்த வீட்டை விற்றுத்தான் அவர்கள் காசை எடுக்க வேண்டும். இன்று 300 இலட்சத்துக்கு வாங்கி 12 இலட்சம் தீர்வை கட்டிய வீட்டை நாளை விற்றால், அந்த 12 இலட்சத்தை யாரும் திருப்பித் தரமாட்டார்கள். அது சுவரிலும் இல்லை, காணியிலும் இல்லை. சட்டத்தரணிக் கட்டணமும் அப்படியே. ஈட்டில் இல்லாத காசுக்கு ஈட்டுக்கடன் இல்லை, அவ்வளவுதான் அவர்களின் நியாயம்.

ஒரு விதிவிலக்கு: நீங்கள் இடையில் இறந்தால் மிச்சக் கடனைக் கட்டும் கடன் பாதுகாப்புக் காப்புறுதியின் ஒற்றைத் தவணையைச் சில வங்கிகள் கடனோடு சேர்த்துவிடும். இன்றைக்குக் கைக்குச் சுகம். ஆனால் 15, 20 வருடத்துக்கு அதற்கும் வட்டி கட்டுகிறீர்கள் என்பது நினைவிருக்கட்டும்.

"ஒரு உண்மைக் கணக்கைக் காட்ட முடியுமா? எது எவ்வளவு, எப்போது கொடுப்பது?"

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில், மூன்றாம் மாடி வீடு. எட்டு வருடப் பழசு. வாங்கியவர்கள் ஒரு தம்பதி: அவர் புறக்கோட்டையில் ஒரு இறக்குமதிக் கடையில் கணக்காளர், மனைவி ஆசிரியை. விலை 300 இலட்சம். வங்கி 75 வீதம் தரும் என்று சொன்னதால் 225 இலட்சம் கடன், 75 இலட்சம் கைக்காசு, 'சில்லறைச் செலவுக்கு' 5 இலட்சம் என்று எழுதி வைத்திருந்தார்கள். அந்த ஒரு பக்கக் கொப்பித் தாளை என்னிடம் காட்டினார்கள். அழகான கையெழுத்து, கணக்குத்தான் பிழை.

முதலில் மதிப்பீட்டாளர் வந்தார். அவர் போட்ட பெறுமதி 280 இலட்சம். அதன் 75 வீதம் 210 இலட்சம். ஒரே அறிக்கையில் கடன் 15 இலட்சம் இறங்கியது. விற்பவர் விலையை இறக்கவில்லை. எனவே விலைக்கு மட்டும் கைக்காசு 90 இலட்சம்.

அடுத்தது விலைக்கு வெளியே போனவை. மதிப்பீட்டாளருக்கு 30,000. வங்கியின் சட்டத்தரணி காணிப் பதிவகத்தில் பத்திரு எனும் பதிவேட்டுப் பிரதி எடுத்து, பழைய உறுதிகளைப் பார்த்து உரித்து அறிக்கை எழுத 40,000. வங்கியின் கடன் பரிசீலனைக் கட்டணம் 50,000. இந்த மூன்றும் கடன் கிடைக்குமோ கிடைக்காதோ தெரியாத கட்டத்திலேயே போனவை. உரித்தில் கோளாறு என்று வங்கி மறுத்தாலும் மதிப்பீட்டுக் காசும் உரித்துப் பார்த்த காசும் திரும்பி வராது.

உறுதி எழுதும் கட்டத்தில் தீர்வை 11,99,000. உறுதி எழுதிய நொத்தாரிசு 1 வீதம் கேட்டார், பேசி 2,25,000க்கு வந்தது. ஈட்டு முறி எழுதிய வங்கிச் சட்டத்தரணிக்குக் கடன் தொகையில் 1 வீதம், அதாவது 2,10,000. அதில் பேரம் நடக்கவில்லை, அது வங்கியின் அட்டவணைக் கட்டணம். ஈட்டு முறிக்கான தீர்வையும் பதிவும் சேர்த்து 25,000. உறுதிப் பதிவு, பிரதிகள், ஓட்டங்கள் 10,000. கணவருக்கு 39 வயது, 15 வருடக் கடன், பாதுகாப்புக் காப்புறுதி ஒரே தடவையில் 4,60,000. தீக் காப்புறுதி முதல் வருடம் 18,000.

கூட்டினால் 22,67,000 ரூபாய். விலையில் ஏறத்தாழ 7.6 வீதம். அவர்கள் எழுதி வைத்தது 80 இலட்சம், தேவைப்பட்டது 112 இலட்சத்து 67 ஆயிரம். துண்டு விழுந்தது 32 இலட்சத்து 67 ஆயிரம். அதில் 15 இலட்சம் மதிப்பீட்டால் வந்தது, மிச்சம் 17 இலட்சத்துச் சொச்சம் 'சில்லறை' என்று நினைத்ததால் வந்தது.

விற்பவர் நல்ல மனிதர், ஆறு கிழமை தவணை தந்தார். மனைவியின் நிலையான வைப்பை முன்கூட்டியே உடைத்தார்கள், வட்டி போனது. மீதியை ரொறன்ரோவிலிருக்கும் தமையன் அனுப்பினார். எல்லோருக்கும் அப்படி ஒரு தமையன் வாய்ப்பதில்லை.

இந்தக் கணக்கில் தீர்வை மட்டும்தான் உங்களுக்கும் இதே சூத்திரம். மற்றவை வங்கிக்கு வங்கி, ஆளுக்கு ஆள், வயதுக்கு வயது மாறும்.

"உறுதியில் விலையைக் குறைத்துப் போட்டால் தீர்வை மிச்சம் என்று தரகர் சொல்கிறார். எல்லோரும் செய்வதுதானே?"

நிறையப் பேர் செய்தார்கள், ஒத்துக்கொள்கிறேன். முழுக்கக் கைக்காசில் வாங்கியவர்களின் பழக்கம் அது. கடனில் வாங்குபவருக்கு அது கணக்கிலேயே நட்டம். மேலே சொன்ன வீட்டை 200 இலட்சம் என்று உறுதியில் போட்டால் தீர்வை 7,99,000. மிச்சம் 4 இலட்சம். ஆனால் வங்கி பார்ப்பது உறுதியிலுள்ள விலையையும்தான். 200 இலட்சத்தில் 75 வீதம் 150 இலட்சம். 4 இலட்சத்தை மிச்சப்படுத்தப் போய் 60 இலட்சம் கடனை இழக்கிறீர்கள்.

அந்த 4 இலட்சமாவது நிச்சயமா என்றால், அதுவும் இல்லை. தீர்வை உறுதியில் எழுதிய விலைக்கு அல்ல, சொத்தின் சந்தைப் பெறுமதிக்கு. மாகாண இறைவரித் திணைக்களம் எழுதிய விலையை ஏற்காமல், தானே ஒரு பெறுமதி போட்டு மிச்சத்தைக் கட்டச் சொல்லிக் கடிதம் அனுப்பலாம். அந்தக் கடிதம் விற்பவருக்கு வராது, உங்களுக்குத்தான் வரும். அதனால்தான் கவனமான நொத்தாரிசுகள் கையெழுத்துக்கு முன்பே பெறுமதி பற்றித் திணைக்களத்தின் அபிப்பிராயத்தைக் கேட்டு வைத்துக்கொள்வார்கள்.

பிறகு ஒரு நாள் நீங்கள் விற்கும்போது மூலதன ஆதாய வரி வரும். வாங்கிய விலை என்று நீங்கள் காட்டக்கூடியது உறுதியில் உள்ள 200 இலட்சம்தான். உண்மையில் உழைக்காத 100 இலட்சத்துக்கு ஆதாய வரி கட்டுவீர்கள். தரகர் அப்போது தொலைபேசியை எடுக்கமாட்டார்.

"குளிரூட்டி, சமையலறை அலுமாரி, தளபாடம் எல்லாம் சேர்த்துத்தான் விலை பேசினோம். அதைப் பிரித்துப் போடலாமா?"

கழற்றி எடுத்துச் செல்லக்கூடிய தளபாடத்தை உண்மையான விலைக்குத் தனி ரசீதில் வாங்குவதில் தப்பில்லை, அதற்கு இந்தத் தீர்வையும் இல்லை. ஆனால் அந்தப் பங்குக்கு வங்கியும் கடன் தராது. பழைய சோபாவுக்கு 40 இலட்சம் என்று எழுதினால் மேலே சொன்ன அதே கதைதான்.

"தீர்வைக் காசுக்கு ஒரு தனிநபர் கடன் எடுத்துச் சமாளிக்கலாமா?"

நேரம் பிழைத்தால் வீட்டுக் கடனே போகும். வங்கி உங்கள் சம்பளத்தில் எவ்வளவு தவணைக்குப் போகிறது என்று பார்த்துத்தான் 210 இலட்சத்தை அனுமதித்தது. இடையில் வேறொரு வங்கியில் 12 இலட்சம் எடுத்தால் அது உங்கள் கடன்களையெல்லாம் காட்டும் கிறிப் அறிக்கையில் ஏறும். காசு விடுவிக்கும் முன் வங்கி அந்த அறிக்கையை மறுபடி எடுத்துப் பார்த்தால், அனுமதித்த தொகையைக் குறைக்கலாம். அப்படி ஒரு சம்பவத்தில், கையெழுத்துக்கு நாலு நாள் இருக்கும்போது கடன் 18 இலட்சம் குறைக்கப்பட்டது. எடுத்த தனிக்கடனை விடப் பெரிய துண்டு விழுந்தது.

எடுத்தே ஆகவேண்டுமென்றால் வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கும்போதே சொல்லிவிடுங்கள். இரண்டு தவணையும் சேர்த்து உங்கள் சம்பளம் தாங்குமா என்று அவர்களே கணக்குப் போடட்டும். தாங்காது என்று வந்தால், வீடு பெரிது என்று அர்த்தம்.

"முற்பணமாக 30 இலட்சம் கேட்கிறார். ரசீது எழுதித் தருவாராம். கொடுக்கலாமா?"

வெள்ளைத்தாள் ரசீதுக்குக் கொடுக்காதீர்கள். அசையாச் சொத்தை விற்கும் உடன்படிக்கை நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு கையெழுத்தானால்தான் சட்டத்தில் நிற்கும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் அன்றிலிருந்து இன்றுவரை சொல்வது அதைத்தான். ரசீதை வைத்துக் காசைத் திருப்பிக் கேட்கலாம், வீட்டைக் கேட்க முடியாது.

உடன்படிக்கை எழுதும்போது நான் ஒரு வாசகத்தைச் சேர்க்கச் சொல்லுவேன்: வங்கி குறித்த தொகைக்குக் குறையாமல் கடன் அனுமதிக்காவிட்டால் முற்பணம் முழுவதும் திரும்ப வேண்டும். தொகையை இலக்கத்தில் எழுதுங்கள். வெறுமனே 'கடன் கிடைக்காவிட்டால்' என்று எழுதினால், எங்கள் தம்பதிக்கு வந்தது போல் 225 கேட்டு 210 கிடைத்தால் 'கடன் கிடைத்ததுதானே' என்று விற்பவர் சொல்லலாம்.

"நொத்தாரிசு ஒருவர் போதாதா? ஏன் இரண்டு பேருக்குக் கட்டணம்?"

இரண்டு எழுத்துகள் நடக்கின்றன. விற்பவர் உங்களுக்கு எழுதுவது விற்பனை உறுதி. அதே மேசையில் அடுத்த நிமிடம் நீங்கள் வங்கிக்கு எழுதுவது ஈட்டு முறி. இரண்டாவதை வங்கியின் பட்டியலில் உள்ள சட்டத்தரணிதான் எழுதுவார், காசு நீங்கள் கொடுப்பீர்கள். முதலாவதையும் அவரே எழுதினால் சில நேரம் மொத்தமாகக் குறைத்துத் தருவார். ஆனால் அவர் வங்கியின் ஆள். உரித்தில் வங்கிக்குப் பாதகம் உண்டா என்று பார்ப்பார், உங்கள் உடன்படிக்கையில் உங்களுக்குப் பாதகம் உண்டா என்று பார்ப்பது அவர் வேலையல்ல. பழைய உறுதிகள் சிக்கலாக இருந்தால் தனி ஆள் வைப்பது மேல்.

கட்டணம் பேசும்போது பெறுமதி சேர் வரி சேர்த்தா, சேர்க்காமலா என்று கேளுங்கள். அந்த வரிக்குப் பதிவு செய்த சட்டத்தரணியென்றால் 18 வீதம் மேலே ஏறும்.

"காசெல்லாம் எந்த நாளில் கையில் இருக்க வேண்டும்?"

கையெழுத்து நாளுக்கு முன். தீர்வை கட்டிய வங்கித் துண்டு உறுதியோடு போனால்தான் காணிப் பதிவகத்தில் வேலை நடக்கும். ஆகவே நொத்தாரிசு தீர்வைக் காசை முன்கூட்டியே கேட்பார். வங்கியின் காசோலை விற்பவர் பெயருக்கு எழுதப்பட்டு, இரண்டு எழுத்தும் கையெழுத்தான பிறகுதான் மேசையில் நகரும். அதிலிருந்து ஒரு ரூபாய்கூட உங்கள் கைக்கு வராது. 'கடன் வந்ததும் தீர்வையைக் கட்டுகிறேன்' என்று சொன்னவர்கள் பலர், இந்த ஒழுங்கு தெரியாமல்.

தீர்வைத் துண்டின் பிரதியைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காசை வாங்கிவிட்டு மாதக்கணக்கில் கட்டாமல், உறுதியைப் பதியாமல் வைத்திருந்த ஒரு ஆளால் ஒரு குடும்பம் பட்ட பாடு எனக்குத் தெரியும். உறுதி பதியாமல் கிடக்கும் காலத்தில் அதே வீட்டுக்கு வேறொருவர் காசு கொடுத்து உறுதி எழுதி முந்திப் பதிந்துவிட்டால், சட்டம் முந்திப் பதிந்தவர் பக்கம் சாயும். ஒரு மாதம் கழித்துப் பதிவகத்தில் பத்திரு எடுத்து உங்கள் பெயர் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது சிறிய செலவு.

"புதிதாகக் கட்டும் தொடர்மாடியில் நேராகக் கம்பனியிடம் வாங்குகிறோம். இதெல்லாம் உண்டா?"

உண்டு, ஆனால் பிந்தி வரும். கட்டடம் முடிந்து தொடர்மாடித் திட்டம் பதிவானால்தான் உங்களுக்குத் தனி உறுதி எழுத முடியும். அதுவரை உங்கள் கையில் இருப்பது உடன்படிக்கை மட்டும். உறுதி எழுத இரண்டு மூன்று வருடம் போகலாம், தீர்வை அந்த நாளில்தான் விழும். அதற்குள் அந்தக் காசைத் தரை ஓட்டுக்கும் திரைச்சீலைக்கும் செலவழித்துவிடுவார்கள். விலையில் பெறுமதி சேர் வரி அடங்குமா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

"சாவி கிடைத்துவிட்டது. இனி ஒன்றும் இல்லைத்தானே?"

பழைய மாடி வீடென்றால் அந்தக் கட்டட உரிமையாளர்களின் முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்துக்குக் கட்டவேண்டிய நிலுவையைப் பாருங்கள். வெள்ளவத்தைத் தம்பதி குடிபோன இரண்டாம் கிழமை, மின்தூக்கிப் பழுதுக்கும் பராமரிப்புக்கும் முந்திய உரிமையாளர் கட்டாமல் விட்ட 1,10,000 ரூபாய்க் கணக்கைக் காவலாளி கதவுக்கடியில் தள்ளிவிட்டுப் போனார். சட்டம் பேசலாம்தான், ஆனால் அதே மின்தூக்கியில்தான் தினமும் ஏற வேண்டும். கட்டிவிட்டார்கள். கையெழுத்துக்கு முன் 'நிலுவை இல்லை' என்று கூட்டுத்தாபனத்தின் கடிதம் ஒன்று கேட்டிருந்தால் அது விற்பவரின் காசோலையில் கழிந்திருக்கும். மாநகர சபையின் மதிப்பீட்டு வரி, நீர், மின்சாரப் பட்டியல்களுக்கும் அதே முறை: கடைசி ரசீதை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள். பிறகு உறுதியின் பிரதியோடு சபைக்குப் போய் வரிப் பதிவேட்டில் பெயரை மாற்றுங்கள். இல்லாவிட்டால் வரித் துண்டு இன்னும் பல வருடத்துக்குப் பழைய ஆளின் பெயரிலேயே வந்துகொண்டிருக்கும்.